ரிக்ரெஷன் அட்டவணையோடு வரும் கொள்குறி வினா: எந்த வரிசையில் படிப்பது

தர்மபுரியில் வார இறுதிகளில் நெட் தேர்வுக்குப் படிக்கும் ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்து மாதிரி வினாக்களைப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். எக்கனாமெட்ரிக்ஸில் அவர்களுக்குக் கணக்கு வராமல் இல்லை. யாரோ கணக்குப் போட்டு முடித்து நீட்டும் அட்டவணையைப் படிப்பதில்தான் தடுக்கி விழுகிறார்கள். பாடம் நன்றாகத் தெரிந்தவர்களே தவறான விடையைத் தட்டிவிட்டு நெற்றியில் அடித்துக்கொள்கிறார்கள்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு எண் சொல்ல வேண்டியதை இன்னொரு எண்ணின் தலையில் கட்டிவிடுகிறார்கள். கெழுவுக்கு ஒரு வேலை, p மதிப்புக்கு ஒரு வேலை, R² க்கு வேறு வேலை. வினா தயாரிப்பவர் இந்த மூன்றின் வேலையையும் மாற்றி ஒட்டித்தான் தவறான விடைகளை உருவாக்குகிறார். அதனால் படிக்கும் வரிசையைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

## 1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விஷயங்கள் மனதில் இருந்தால் போதும். ஒன்று, கெழுவைத் திட்டப்பிழையால் வகுத்தால் t கிடைக்கும். இரண்டு, மாதிரியின் அளவு ஓரளவு பெரிதாக இருந்தால் 5% நிலைக்கு t ஏறக்குறைய 2 ஐத் தாண்ட வேண்டும். மூன்று, p மதிப்பு நாம் வைத்த எல்லையைவிடச் சிறியதாக இருந்தால்தான் இன்மைக் கருதுகோளை நிராகரிப்போம்.

கடைசியில் சொன்னதை இரண்டு முறை படியுங்கள். p சிறியது என்றால் நிராகரிப்பு. இதைத் தலைகீழாக நினைவில் வைத்துக்கொண்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பயிற்சிக்கு நம்ம ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரிப் பக்கம் 64 மாந்தோப்புகளில் விவரம் சேகரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் நான் பயிற்சிக்காகப் போட்டவை. எந்தக் கணக்கெடுப்பிலிருந்தும் எடுத்தவை அல்ல.

```
Dependent variable: YIELD        n = 64

Variable    Coef.   Std.Err.     t       p
Constant    21.40    13.20     1.62    0.110
AGE          3.20     0.64     5.00    0.000
DRIP        18.60     7.78     2.39    0.020
FERT         0.45     0.36     1.25    0.216

R-squared = 0.38     Adj. R-squared = 0.349
F = 12.26            Prob(F) = 0.000
```

`YIELD` என்பது ஒரு மரத்துக்கு ஒரு பருவத்தில் கிடைத்த காய், கிலோவில். `AGE` மரத்தின் வயது, வருடத்தில். `DRIP` சொட்டுநீர் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. `FERT` ஒரு மரத்துக்குப் போட்ட தொழு உரம், கிலோவில். வினா இதுதான்: கீழ்க்கண்டவற்றுள் எது சரி?

அ) சொட்டுநீரும் உர அளவும் ஒன்றாக இருக்கும்போது, வயது ஒரு வருடம் கூடிய மரத்தில் மகசூல் சராசரியாக 3.20 கிலோ அதிகம். இது 1% நிலையில் சிக்னிஃபிகன்ட்.

ஆ) சொட்டுநீர் உள்ள தோப்பில் மகசூல் 18.6% அதிகம், இது 5% நிலையில் சிக்னிஃபிகன்ட்.

இ) தொழு உரத்தால் மகசூலில் எந்த விளைவும் இல்லை என்று நிரூபணம் ஆகிறது.

ஈ) இந்த மாடலின் கணிப்புகளில் 38% சரியாக இருக்கும்.

## 2. விடைகளைப் பார்க்காமல் மேல் வரியைப் பாருங்கள்

வினாவைப் பார்த்ததும் கண் நேராக p வரிசைக்கு ஓடும். ஓட விடாதீர்கள். முதலில் சார்ந்த மாறி எது, அதன் அலகு என்ன என்று பாருங்கள். கீழே இருக்கும் ஒவ்வொரு கெழுவும் அந்த அலகில்தான் பேசுகிறது.

இங்கே அலகு கிலோ. அதனால் `DRIP` வரியில் இருக்கும் 18.60 என்பது 18.60 கிலோ. சதவீதம் அல்ல. (ஆ) இந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. அதில் 5% நிலையில் சிக்னிஃபிகன்ட் என்ற பின்பாதி சரிதான். அந்தப் பாதி சரியாக இருப்பதால்தான் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். விடையின் இரண்டு பாதிகளையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

சதவீதம் எப்போது வரும்? சார்ந்த மாறி `ln(YIELD)` என்று இருந்தால் வரும். அப்போது `AGE` இன் கெழு 0.04 என்றால், ஒரு வருடம் கூடினால் மகசூல் ஏறக்குறைய 4% அதிகம் என்று படிக்க வேண்டும். இரண்டு பக்கமும் `ln` இருந்தால் கெழு நெகிழ்ச்சி ஆகிவிடும்: உரம் 1% கூடினால் மகசூல் எத்தனை சதவீதம் கூடும் என்று சொல்லும். டம்மி மாறியில் மட்டும் சின்னச் சிக்கல் உண்டு. சார்ந்த மாறி `ln` ஆக இருந்து டம்மியின் கெழு 0.25 என்றால், 25% என்பது தோராயம். துல்லியமான விடை `exp(0.25) - 1`, அதாவது சுமார் 28.4%. விடைகளில் 25 உம் 28.4 உம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், வினாவில் துல்லியமாக என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மேல் வரியில் `n` ஐயும் பார்த்துவிடுங்கள். 64 இல் நான்கு கெழுக்களைக் கழித்தால் 60. அந்த 60 க்கு 5% நிலையில் t எல்லை 2.00. தலையில் வைத்திருக்கும் 2 இங்கே அப்படியே பொருந்துகிறது. `n` 12 அல்லது 15 என்று இருந்தால் 2 ஐ நம்ப முடியாது; எல்லை இன்னும் மேலே போகும்.

## 3. கெழுவை முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள்

மனதுக்குள் ஒரு வாக்கியம் அமைத்துப் பாருங்கள். "சொட்டுநீரும் உர அளவும் ஒரே மாதிரி உள்ள இரண்டு தோப்புகளில், ஒரு வருடம் மூத்த மரம் உள்ள தோப்பில் மரத்துக்குச் சராசரியாக 3.20 கிலோ அதிகம்." இந்த வாக்கியத்தில் நான்கு துண்டுகள் இருக்கின்றன: மற்றவை மாறவில்லை, ஓர் அலகு, சராசரியாக, கிலோ. தவறான விடை இந்த நான்கில் ஒன்றையாவது திருடியிருக்கும். பெரும்பாலும் காணாமல் போவது முதல் துண்டுதான்.

டம்மி மாறிக்கு ஓர் அலகு கூடுவது என்றால் 0 இலிருந்து 1 க்குப் போவது. அதாவது சொட்டுநீர் இல்லாத தோப்பை உள்ள தோப்போடு ஒப்பிடுவது. ஒப்பிடும் அடிப்படை எது என்று வினாவில் தெளிவாக இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் கெழுவின் குறி மாறும், அளவு மாறாது.

மாறிலியில் ஏமாறாதீர்கள். 21.40 என்பது வயது பூஜ்யம், சொட்டுநீர் இல்லை, உரம் இல்லை என்ற மரத்தின் மகசூல். நேற்று நட்ட கன்று 21 கிலோ காய்க்குமா? அந்தக் கோடு அங்கே போய் வெட்டுகிறது, அவ்வளவுதான். மாறிலிக்குப் பொருள் சொல்லும் விடை வந்தால், எல்லா மாறிகளும் பூஜ்யமாக இருப்பது நடக்கக்கூடியதா என்று ஒரு நொடி யோசியுங்கள்.

இன்னொரு பொறி: 18.60 பெரிய எண், 0.45 சிறிய எண், ஆகவே சொட்டுநீரே உரத்தைவிட முக்கியம் என்று ஒரு விடை வரும். அளவை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. உரத்தைக் கிலோவுக்குப் பதில் டன்னில் அளந்திருந்தால் அதே 0.45 அப்படியே 450 ஆகிவிடும். தோப்பில் எதுவும் மாறியிருக்காது. அலகை மாற்றும்போது கெழுவும் திட்டப்பிழையும் சேர்ந்தே மாறுவதால் t யும் p யும் அப்படியே நிற்கும். இதையே நேரடி வினாவாகவும் கேட்பார்கள்.

காரணம் என்ற சொல்லிலும் ஒரு கண் வையுங்கள். சொட்டுநீர் போட்டவர் யார்? ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருப்பவர். மரத்துக்கு மருந்தடிக்கவும் கவாத்து செய்யவும் கையில் காசு உள்ளவர். அந்த விஷயங்கள் மாடலில் இல்லாவிட்டால் அவற்றின் பங்கும் 18.60 க்குள் ஒளிந்திருக்கலாம். சொட்டுநீர் போட்டால் மகசூல் 18.60 கிலோ உயர்ந்தே தீரும் என்று ஒரு விடை அடித்துச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

## 4. p மதிப்பு: கேள்வி எது, பதில் எது

ஒவ்வொரு வரியிலும் இருக்கும் p ஒரே ஒரு கேள்விக்கான பதில். உண்மையில் இந்தக் கெழு பூஜ்யமாக இருந்தால், நமக்குக் கிடைத்த அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ பூஜ்யத்தை விட்டு விலகிய t கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? "உண்மையில் பூஜ்யமாக இருந்தால்" என்பது இதில் அனுமானம். அனுமானமாக எடுத்துக்கொண்டதன் வாய்ப்பை p சொல்லாது. ஆகவே `DRIP` இன் 0.020 ஐ வைத்து, சொட்டுநீருக்கு விளைவு இல்லாமல் இருக்க 2% வாய்ப்பு என்றோ, விளைவு இருக்க 98% வாய்ப்பு என்றோ வரும் விடைகள் தவறு. நல்ல மாணவர்கள் விழும் குழி இது.

0.020 ஐ எல்லைகளோடு ஒப்பிடுங்கள். 0.05 ஐவிடச் சிறியது, 0.01 ஐவிடப் பெரியது. ஆகவே 5% நிலையில் சிக்னிஃபிகன்ட், 1% நிலையில் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. எந்த நிலை என்று சொல்லாத விடையை நான் கடைசிவரை நம்ப மாட்டேன்.

`AGE` இல் 0.000 இருக்கிறது. வாய்ப்பு பூஜ்யம் என்று பொருள் அல்ல. மூன்று தசம இடத்துக்குச் சுருக்கியதால் அப்படித் தெரிகிறது, 0.0005 ஐவிடச் சிறியது என்று படியுங்கள்.

இப்போது உரம். p 0.216, 10% நிலையில்கூடத் தேறவில்லை. இந்த இடத்தில் ஒரு முறை பெரிய வாக்குவாதமே வந்தது. காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவர், வீட்டில் சொந்தமாகத் தோப்பு உள்ளவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உரம் போடாத மரம் காய்க்குமா சார்? விளைவு இல்லைன்னு எப்படி எழுதறது?"

"யாரு எழுதச் சொன்னது? அட்டவணையில அப்படி எங்க இருக்கு, காட்டுங்க."

தேடினார். இல்லை. திட்டப்பிழையை எடுத்துக் கணக்குப் போடச் சொன்னேன். 0.45 க்கு இருபுறமும் 2 × 0.36, அதாவது 0.72. கீழே போனால் −0.27, மேலே போனால் 1.17. 95% நம்பக இடைவெளி இதுதான். பூஜ்யம் உள்ளே இருக்கிறது. அதனால் நிராகரிக்க முடியவில்லை. ஆனால் ஒரு கிலோ உரத்துக்கு ஒரு கிலோ காய் என்பதும் உள்ளேதான் இருக்கிறது. இந்த 64 தோப்புகளை வைத்து இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பதுதான் 0.216 இன் செய்தி. "அப்போ உரம் போடலாம்" என்று சிரித்தார்.

ஆகவே (இ) போயிற்று. இன்மைக் கருதுகோளை நிராகரிக்கத் தவறினோம் என்பது சரி. ஏற்றுக்கொண்டோம், நிரூபித்தோம், விளைவே இல்லை என்பவை தவறு.

அட்டவணையில் உள்ள p இருபக்கச் சோதனைக்கானது. வினாவில் மாற்றுக் கருதுகோள் கெழு பூஜ்யத்தைவிடப் பெரியது என்று இருந்தால், கெழுவின் குறியும் அதே பக்கம் இருக்கும்போது p ஐப் பாதியாக்குங்கள். உரத்துக்கு 0.108. பாதியாக்கியும் 10% எல்லைக்குக் கீழே வரவில்லை, பார்த்தீர்களா? இப்படி நூலிழையில் நிற்கும் எண்ணை வேண்டுமென்றே வைப்பார்கள்.

## 5. நட்சத்திரமும் அடைப்புக்குறியும்

சில வினாக்களில் p வரிசையே இருக்காது. கெழுவுக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ஓர் எண் மட்டும் இருக்கும். அது திட்டப்பிழையா, t யா என்று அடிக்குறிப்பில் பார்க்காமல் வகுக்காதீர்கள். 0.45 க்குக் கீழே 0.36 திட்டப்பிழை என்றால் t 1.25. அதே 0.36 தான் t என்றால் கதையே வேறு.

நட்சத்திரத்துக்கும் ஒரே பொருள் கிடையாது. R மென்பொருள் தரும் அட்டவணையில் ஒரு நட்சத்திரம் 5% நிலை. ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் ஒரு நட்சத்திரம் 10% நிலை, இரண்டு 5%, மூன்று 1%. அடிக்குறிப்பு சொல்வதே இறுதி.

## 6. R² ஐக் கடைசியில் பாருங்கள்

முதலில் பார்த்தால் அது மனதைக் கெடுக்கும். 0.38 ஐப் பார்த்ததும் மோசமான மாடல் என்று முடிவு கட்டிவிட்டு, மேலே உள்ள கெழுக்களையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

0.38 சொல்வது இவ்வளவே: இந்த 64 தோப்புகளுக்கு இடையே மகசூலில் இருக்கும் ஏற்ற இறக்கத்தில் 38% ஐ இந்த மூன்று மாறிகளும் சேர்ந்து விளக்குகின்றன. ஏற்ற இறக்கம் என்ற சொல்தான் இதில் உயிர். 38% கணிப்புகள் சரி என்பதோ, மகசூலில் 38% இந்த மூன்றால் வந்தது என்பதோ இல்லை. (ஈ) இதனால் தவறு.

மீதி 62% எங்கே போனது? மா ஒரு வருடம் காய்த்தால் அடுத்த வருடம் ஓய்வெடுக்கும். பூக்கும் நேரத்தில் மழை பெய்தால் பூ கொட்டும். தத்துப்பூச்சி வரும். இவை எதுவும் மாடலில் இல்லை. அதற்காக வயதின் கெழு பொய்யாகிவிடாது. R² குறைவாக இருந்தும் ஒரு கெழுவின் t 5 ஆக இருக்கலாம். இந்த அட்டவணையே அதற்குச் சாட்சி. மாறாக, காலத்தோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும் இரண்டு தொடர்களைப் போட்டால், சம்பந்தமே இல்லாமலும் R² 0.95 க்கு மேல் வரலாம். R² ஐ மட்டும் வைத்து நல்ல மாடல் என்று சொல்லும் விடை தவறு.

இரண்டு மாடல்களின் R² ஐ ஒப்பிடச் சொன்னால் சார்ந்த மாறி ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றில் `YIELD`, மற்றதில் `ln(YIELD)` என்றால் ஒப்பீடே செல்லாது. எதன் ஏற்ற இறக்கத்தை விளக்குகிறோம் என்பதே மாறிவிடுகிறது.

F பற்றி ஒரு வரி போதும்: மாறிலி தவிர்த்த மூன்று கெழுக்களும் ஒருசேரப் பூஜ்யம் என்பதை அது சோதிக்கிறது. 12.26 இல் நிராகரித்தால், மூன்றில் ஒன்றாவது பூஜ்யம் அல்ல என்றுதான் பொருள்; மூன்றில் எதுவுமே பூஜ்யம் இல்லை என்று பொருள் ஆகாது.

## 7. இப்போது விடைகளுக்குத் திரும்புங்கள்

நெட் தேர்வில் 150 வினாக்களுக்கு 180 நிமிடம். வினாவுக்கு 72 நொடி. அட்டவணை வினாவுக்கு இரண்டு நிமிடம் எடுத்தாலும் நஷ்டமில்லை, சிறு வினாக்களில் அதை மீட்டுவிடலாம். ஆனால் அட்டவணையை இரண்டாம் முறை முதலிலிருந்து படிக்க நேரம் இருக்காது. அதனால்தான் இந்த வரிசையை வலியுறுத்துகிறேன்.

(ஆ) அலகில் விழுந்தது, (இ) p இல் விழுந்தது, (ஈ) R² இல் விழுந்தது. (அ) வை ஒரு முறை உரசிப் பாருங்கள்: மற்றவை மாறவில்லை, ஒரு வருடம், சராசரியாக, கிலோ, எந்த நிலை என்ற குறிப்பு. எல்லாம் இருக்கிறது. விடை (அ).

தவறிய விடைக்கு எதிரே அது எந்தப் படியில் விழுந்தது என்று பயிற்சியின்போது பென்சிலால் குறித்து வையுங்கள். இருபது வினாக்கள் போட்டதும் உங்கள் சறுக்கல் எந்தப் படியில் என்று தெரிந்துவிடும். எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு அது இரண்டாவது படி. p தான் கடினம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

## 8. இதே அட்டவணையில் இன்னொரு வினா

உரம் 5% நிலையில் சிக்னிஃபிகன்ட் இல்லை என்பதால் `FERT` ஐ நீக்குகிறோம். திருத்திய R², அதாவது அட்டவணையில் உள்ள `Adj. R-squared`, என்ன ஆகும்? கூடும் என்று பெரும்பாலானவர்கள் தட்டுவார்கள். தேறாத மாறியைத் தூக்கினால் மாடல் சுத்தமாகும் என்ற எண்ணம்.

ஒரு மாறியை நீக்கும்போது சாதாரண R² கூடவே கூடாது. திருத்திய R² மட்டும் இரண்டு பக்கமும் போகலாம், அதைத் தீர்மானிப்பது அந்த மாறியின் t. குறியை விட்டுவிட்டுப் பார்க்கும்போது t 1 ஐவிடப் பெரியதாக இருந்தால் நீக்கும்போது திருத்திய R² குறையும். 1 ஐவிடச் சிறியதாக இருந்தால் கூடும். எல்லை 1, 2 அல்ல. உரத்தின் t 1.25. ஆகவே குறையும்.

நம்பிக்கை வராவிட்டால் போட்டுப் பாருங்கள். நீக்கினால் R² குறையும் அளவு `t² × (1 - R²) / 60`.

```
1.25² × 0.62 / 60   = 0.016
R-squared           = 0.38 - 0.016 = 0.364
Adj. R-squared      = 1 - 0.636 × 63/61 = 0.343
```

0.349 ஆக இருந்தது 0.343 ஆகிறது. 5% நிலையில் தேறாத மாறிதான், ஆனாலும் திருத்திய R² அதை உள்ளே வைத்துக்கொள்ளவே சொல்கிறது.